மொழி மாறும் மூட்டுகள்: தமிழ் – ஆங்கில விளக்கக் காணொளிப் பிரதியில் பொருள் அறுபடும் இடங்கள்

கனடாவின் ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே வீட்டுக்குள் மூன்று தலைமுறைகள் ஒரே திரையைப் பார்ப்பது வழக்கம். மூத்தவர்க்குத் தமிழ் முழுமையாகவும் ஆங்கிலம் அரைகுறையாகவும் விளங்கும். பேரப்பிள்ளைக்கு நிலைமை மறுதலை. நடுவிலிருக்கும் தலைமுறை இரண்டையும் அறிந்தது. ஆனால் பகற்பொழுதில் அது வேலைக்குப் போயிருக்கும். இத்தகைய வீடுகளை நோக்கி ஆக்கப்படும் உடல்நல விளக்கக் காணொளிகள் சிலவற்றில், முதற்பகுதி தமிழிலும் அடுத்த பகுதி ஆங்கிலத்திலும் என மாறிமாறிச் செல்லும் அமைப்பைக் காணலாம். இக்கட்டுரை அவ்வமைப்பின் பிரதியை ஒரு மொழிப்பனுவலாக வாசித்து, பார்வையாளர் குழப்பமடையும் இடங்கள் எவை, அக்குழப்பம் எதனால் விளைகிறது என ஆராய்கிறது. ஒரு மொழிப் பகுதி முடிந்து மற்றது தொடங்கும் இடம் இங்கே ‘மூட்டு’ எனச் சுட்டப்படும்.

இருமொழிக் காணொளிக்கு வேறு வழிகளும் உள்ளன. எல்லாவற்றையும் இருமுறை சொல்வது முதலாவது. அது காணொளியின் நீளத்தை இரட்டிப்பாக்குவதோடு, ஏற்கெனவே விளங்கிக்கொண்டவரைக் காத்திருக்கவும் வைக்கிறது. வாக்கியத்துக்குள்ளேயே இரு மொழிகளையும் கலந்து பேசுவது இன்னொன்று. தமிழில் ஆங்கிலச் சொற்கள் கலக்கும் முறை பற்றி இ. அண்ணாமலை முதலியோர் எழுதியிருக்கிறார்கள். வீட்டுப் பேச்சில் அது இயல்பானதே. ஆனால் கலப்பு மொழியைத் தொடர இரு மொழியிலும் ஓரளவு தேர்ச்சி வேண்டும் என்பதால், அது எட்டவேண்டிய இருவரையும் எட்டாமல் நடுத் தலைமுறைக்கு மட்டுமே பயன்படும். பகுதிவாரியாக மொழி மாற்றும் அமைப்பு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஒவ்வொரு பகுதியும் ஒரே மொழியில் முழுமையாக இருப்பதால் பேச்சு தெளிவாக இருக்கும். மொழி மாறுவது பார்வையாளரைக் குழப்பும் என்ற அச்சமே இதற்கெதிராகப் பெரும்பாலும் சொல்லப்படுவது.

அந்த அச்சத்துக்கு ஆதாரமாக உளமொழியியல் ஆய்வுகள் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. மியூற்றர், ஆல்போர்ட் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் தோன்றும் எண்களை இரு மொழிகளில் மாறிமாறிப் பெயர் சொல்லும்போது மொழி மாறும் கணத்தில் தாமதம் ஏற்படுவதும், வலுவான மொழிக்குத் திரும்பும்போது அத்தாமதம் கூடுவதும் காட்டப்பட்டன. ஆனால் அது பேசுபவரின் சுமையை அளந்த ஆய்வு. தாமதமும் ஒரு நொடிக்கும் குறைந்தது. ஆறு நிமிடக் காணொளியில் நான்கு முறை மொழி மாறுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அதனை அப்படியே பொருத்துவது முறையாகாது. பார்வையாளர் திணறும் இடங்களைக் கூர்ந்து நோக்கினால், அவர் மொழி மாறியதைக் கவனிக்கத் தவறியதால் அன்று, முந்திய பகுதியில் நின்றுபோன ஒரு சொல்லையோ எண்ணையோ ஆளையோ தேடுவதால் திணறுகிறார் என்பது புலப்படும்.

இதனை விளக்க ஒரு பிரதி தேவை. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது எந்த நிறுவனத்தின் வெளியீடும் அன்று. இவ்வகைப் பிரதிகளுக்குப் பொதுவான அமைப்பை வைத்து ஆய்வுக்கென உருவாக்கிய மாதிரி. பொருள், நீரிழிவு உள்ளவர் காலையில் வெறும் வயிற்றில் இரத்தத்திலுள்ள சீனியை அளந்து பார்ப்பது. ஐந்து பகுதிகள். முதலாவது தமிழில்: வணக்கம், சர்க்கரை நோய் நம் சமூகத்தில் பரவலாக உள்ளது, அஞ்ச வேண்டாம். இரண்டாவது ஆங்கிலத்தில்: இரவு உண்ணாதபோதும் காலையில் சீனி ஏன் உயர்கிறது, கருவியில் வரும் எண்ணின் அலகு என்ன, இலக்கு என்ன, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி சோதனை என்றால் என்ன. மூன்றாவது தமிழில்: சோற்றைக் குறையுங்கள், நடக்கச் செல்லுங்கள், ‘அது ஏழுக்கு மேல் போனால்’ மருத்துவரிடம் சொல்லுங்கள். நான்காவது ஆங்கிலத்தில்: சீனி மிகத் தாழ்ந்துவிட்டால் செய்யவேண்டியவை. ஐந்தாவது மீண்டும் தமிழில்: மருந்தைத் தவறாமல் எடுங்கள், குடும்பத்தோடு மகிழ்ந்திருங்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் குறை தெரியாது. தமிழ்ப் பகுதிகளை மட்டும் எடுத்து அடுத்தடுத்து வாசித்துப் பார்க்கும்போதுதான் பிரதியின் இயல்பு வெளிப்படுகிறது. ‘அது ஏழுக்கு மேல் போனால்’ என்ற தொடரில் ‘அது’ எதைச் சுட்டுகிறது என்பதற்குத் தமிழில் எங்கும் விடையில்லை. சுட்டப்படும் பொருள் ஆங்கிலப் பகுதியில் கிடக்கிறது. தமிழ் வாக்கியம் எழுவாயின்றியும் நிற்க வல்லது என்பதால் இந்த ஆபத்து தமிழில் கூடுதல். ‘ஏழுக்கு மேல் இருந்தால் சொல்லுங்கள்’ என்பது இலக்கணப்படி நிறைவான வாக்கியம். எழுதுபவரின் காதுக்கு அதில் எதுவும் விடுபட்டதாகத் தோன்றாது. ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் இல்லாவிட்டால் பிழை உடனே உறுத்தும். எனவே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் மூட்டில் சுட்டுப்பெயரும் தோன்றா எழுவாயும் இல்லாமற் பார்த்துக்கொள்வது பிரதியாளரின் முதற்கடமை. பகுதியின் முதல் வாக்கியத்தில் பெயர்ச்சொல் முழுமையாக வரவேண்டும்: ‘காலையில் வெறும் வயிற்றில் பார்த்த சீனி ஏழுக்கு மேல் இருந்தால்’.

‘ஏழு’ என்பதும் இங்கே தனித்த எண் அன்று. கனடிய வழிகாட்டலின்படி, நீரிழிவுள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு உணவுக்கு முந்திய இலக்கு 4.0 முதல் 7.0 mmol/L வரை. ஏ1சி சோதனையின் இலக்கோ 7.0 விழுக்காடு அல்லது அதற்குக் குறைவு. முதுமையால் நலிந்தவர்களுக்கு மருத்துவர் இதனைத் தளர்த்துவதும் உண்டு. ஒரே ‘ஏழு’ இரண்டு வெவ்வேறு அளவைகளைக் குறிக்கிறது: ஒன்று இன்று காலைக்குரியது, மற்றது கடந்த மூன்று மாதங்களுக்குரியது. இவ்விரண்டையும் ஆங்கிலப் பகுதியில் அறிமுகம் செய்துவிட்டுத் தமிழ்ப் பகுதியில் வெறும் ‘ஏழு’ எனச் சொன்னால், இரு மொழியும் அறிந்தவரும் எந்த ஏழு என்று தடுமாறுவார். ஏ1சியை இக்காணொளியிலிருந்து நீக்கிவிடுவதே தக்கது. அது வேறொரு காணொளிக்குரிய பொருள். ஒரு மூட்டைக் கடந்து ஒரே எண் இரு பொருளோடு போகக்கூடாது.

அலகின் சிக்கல் இதனினும் பாரதூரமானது. இலங்கையிலும் தமிழகத்திலும் சீனியை அளந்து பழகியவர் mg/dL அலகில் எண்களை மனத்தில் வைத்திருப்பார். கனடாவில் கருவி mmol/L அலகில் காட்டும். முன்னதைப் பதினெட்டால் வகுத்தால் பின்னது கிடைக்கும். 126 என்பது 7.0 ஆகும். நாட்டைக் கடந்தபோது மொழியோடு எண்ணும் மாறிவிட்டது. கருவியில் 7.0 என்று தெரிவதை மூத்தவர் ஒருவர் ‘எழுபது’ என்று வாசித்தால், அல்லது ஊரிலிருக்கும் உறவினரிடம் தொலைபேசியில் அவ்வாறு சொன்னால், பொருள் தலைகீழாகிறது. 7.0 mmol/L இலக்கின் மேல் எல்லை. 70 mg/dL என்பதோ சீனி தாழ்ந்துவிட்டதைக் குறிக்கும் கீழ் எல்லை. ஒரு புள்ளி விடுபட்டதால் உயர்வு தாழ்வாகிவிடுகிறது. அந்தப் புள்ளியை எப்படிச் சொல்வது என்பதிலும் தமிழருக்குள் ஒருமை இல்லை. இலங்கைப் பாடசாலையில் படித்தவர் ‘ஏழு தசம் இரண்டு’ என்பார். தமிழகத்தவர் ‘ஏழு புள்ளி இரண்டு’ என்பார். இருவருமே அன்றாடப் பேச்சில் ஆங்கில எண்ணைச் சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. ஆதலால் எண் ஒலியாக மட்டும் மூட்டைக் கடத்தல் ஆகாது. கருவியின் திரை, புள்ளி தெளிவாகத் தெரியும்படி, முந்திய பகுதியின் இறுதி வாக்கியத்தில் தோன்றி அடுத்த பகுதியின் முதல் வாக்கியம் முடியும்வரை அசையாமல் நிற்க வேண்டும். மொழி மாறும் அந்தக் கணத்தில் படமும் மாறினால், பார்வையாளர் பிடித்துக்கொள்ள எதுவும் இராது. மூட்டில் இசையையும் வண்ணப்பட்டையையும் சேர்ப்பவர்கள் பலர்; மொழி மாறியதை அறிவிக்க அவை போதும், ஆனால் அதை அறிவிக்க வேண்டிய தேவையே இல்லை. காதுள்ள எவருக்கும் அது தெரியும்.

சொற்தெரிவுக்கு வரும்போது, ‘தமிழ்’ என்று ஒன்றைக் கருதிக்கொண்டு எழுதுவதால் விளையும் இடர்கள் தென்படுகின்றன. கனடியத் தமிழருள் பெரும்பான்மையினர் ஈழத்தமிழர். அவர்கள் தேநீரில் இடுவது சீனி. சர்க்கரை என்பது பழுப்பு நிறமான வேறொரு பண்டம். மாதிரிப் பிரதியின் ‘சர்க்கரை நோய்’ அவர்களுக்கு விளங்காமற் போகாது. தமிழகத் தொலைக்காட்சி அச்சொல்லை எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஆயினும் நோயின் பெயரில் சர்க்கரையும் உணவுப் பகுதியில் சீனியும் வந்தால், ஒன்றின் மாற்று மற்றது என்ற எண்ணம் தோன்ற இடமுண்டு. சர்க்கரையைத் தள்ளிவைத்துச் சீனி இடலாம், அல்லது சீனியை விட்டுச் சர்க்கரை கடிக்கலாம் என்ற தவறான ஆறுதல் அப்படிப்பட்ட இடைவெளியில்தான் நுழைகிறது. மாத்திரைக்கும் குளிசைக்கும் இடையே இவ்வளவு ஆபத்து இல்லை; எனினும் ஒன்றைத் தேர்ந்து இறுதிவரை அதனையே ஆளவேண்டும்.

ஆனால் இம்மாதிரியில் மிக நுட்பமான தவறு ‘குறைதல்’ என்ற வினையில் இருக்கிறது. மூன்றாம் பகுதியின் தமிழ், ‘சீனி குறைய வேண்டும்’ என்கிறது, அது இலக்கு. நான்காம் பகுதியின் ஆங்கிலம் சீனி தாழ்ந்துவிடும் ஆபத்தைப் பற்றியது. ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்களை வைத்திருக்கிறது: உயர்ந்திருந்தது இறங்கி வருவது வேறு, இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே கிடப்பது வேறு. தமிழ்ப் பேச்சில் ‘சீனி குறைஞ்சிட்டுது’ என்ற ஒரே தொடர் இரண்டையும் சொல்லும். அது மகிழ்ச்சிச் செய்தியாகவும் இருக்கலாம், அவசர அழைப்பாகவும் இருக்கலாம். சொல்பவரின் குரலே வேறுபடுத்தும். ஆங்கிலப் பகுதியைக் கேட்ட பேத்தி, அம்மம்மாவின் சீனி தாழ்ந்தால் ஆபத்து என்று அறிவாள். தமிழ்ப் பகுதியை மட்டும் கேட்ட அம்மம்மா, சீனி குறைந்தால் நல்லது என்று அறிவார். இருவரும் ஒரே காணொளியைப் பார்த்திருக்கிறார்கள். இருவர் அறிந்ததும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் முரண். பிரதியில் ஒரு வினைக்கு ஒரு பொருளே என்று வரையறுத்துக்கொண்டால் இதனைத் தவிர்க்கலாம். உயர்ந்த அளவு இலக்குக்குள் வருவதற்கு ‘இறங்குதல்’ என்றும், நான்குக்குக் கீழே போவதற்கு ‘தாழ்ந்து போதல்’ என்றும் தொடக்கத்திலேயே படத்தோடு காட்டி, ‘குறைதல்’ என்பதை முற்றாக விலக்கிவிடலாம். பேச்சுத்தமிழில் இவை அவ்வளவு பிரிந்து நிற்பதில்லை என்பது மெய்யே. காணொளிக்குள் நிலைத்து ஆண்டால் ஆறு நிமிடத்துக்காவது பிரிந்து நிற்கும்.

ஆள் சுட்டும் இதே வகையில் நழுவுகிறது. ஆங்கிலப் பகுதியின் முன்னிலைப் பெயர் பேரப்பிள்ளையை நோக்கியது. தமிழ்ப் பகுதியின் ‘நீங்கள்’ மூத்தவரை நோக்கியது. ‘நீங்கள் சோதிக்க வேண்டும்’ என்று இரு மொழியிலும் சொல்லும்போது சோதிப்பவர் யார், சோதிக்கப்படுபவர் யார் என்பது மூட்டுக்கு மூட்டு மாறுகிறது. ஆங்கிலத் தன்மைப் பன்மையைத் தமிழாக்கும்போது ‘நாங்கள்’ என எழுதிவிட்டால், காணொளியை ஆக்கியவர்கள் ஒரு பக்கமும் நோயாளிகள் மறுபக்கமுமாகப் பிரிந்துவிடுவர். அம்மம்மா, பேத்தி என இரு பாத்திரங்களை வைத்து, இரு மொழிப் பகுதிகளிலும் அம்மம்மாவை ‘அம்மம்மா’ என்றே அழைத்தால் இச்சிக்கல் தீர்கிறது. ஆங்கில வாக்கியத்துக்குள் அச்சொல் வருவது கனடாவில் வளரும் பிள்ளையின் காதுக்குப் புதிதன்று. அவள் வீட்டில் பேசும் ஆங்கிலமே அப்படித்தான்.

இதுவரை சொன்னவை திருத்தக்கூடிய வழுக்கள். பிரதியின் பெரிய குறை இவற்றில் இல்லை. எந்தப் பகுதிக்கு எந்த மொழி என்று பங்கிட்ட முறையில் இருக்கிறது. மாதிரியில் காரணம், அளவு, அலகு, ஆபத்து ஆகியவை ஆங்கிலத்தில் வருகின்றன. வணக்கம், ஆறுதல், உணவுக் கட்டுப்பாடு, கீழ்ப்படிதல் ஆகியவை தமிழில் வருகின்றன. சாள்ஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதியபோது விவரித்த உயர்வழக்கு – தாழ்வழக்குப் பங்கீடு, பின்னர் பிரான்சிஸ் பிரிட்டோ முதலியோர் தமிழை வைத்து ஆராய்ந்த அப்பங்கீடு, இங்கே புதிய வடிவில் நிகழ்கிறது. ஒரு காலத்தில் செந்தமிழ் வகித்த இடத்தில் ஆங்கிலம் அமர்ந்திருக்கிறது. இது திட்டமிட்டு நிகழ்வதன்று. பிரதியாளரின் மூலக்குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். விளக்கம் தேவைப்படும் இடத்தை மூலமொழியிலேயே விட்டுவிட்டு, எளிதாகத் தமிழில் வரும் இடங்களை மட்டும் தமிழாக்குவது இலகு. விளைவு என்னவென்றால், நோயுள்ளவருக்குச் ‘செய்’ என்ற கட்டளை மட்டும் கிடைக்கிறது. ‘ஏன்’ என்பது பேத்திக்குக் கிடைக்கிறது.

புளோம், கம்பர்சு இருவரும் 1972இல் வெளியிட்ட நோர்வே ஆய்வு, சூழல் மாறுவதால் நிகழும் மொழி மாற்றத்தையும், சூழல் மாறாமலே பேச்சுக்கு வேறு பொருள் ஏற்றும் மொழி மாற்றத்தையும் வேறுபடுத்திக் காட்டியது. அவ்வேறுபாடு இங்கே பயன்படுகிறது. பகுதிவாரி மொழி மாற்றத்தைப் பிரதியாளர் வெறும் ஏற்பாடாகக் கருதலாம். கேட்பவரோ அதிலிருந்து பொருள் கொள்வார். அறிவியல் தொடங்கும்போதெல்லாம் ஆங்கிலம் வந்தால், மூன்றாம் மூட்டுக்குள் மூத்தவர் ‘இது எங்களுக்கில்லை’ என்று முடிவு செய்து கண்ணை எடுத்துவிடுவார். அவர் குழப்பமடையவில்லை, மிகச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்.

எனவே திருத்திய பிரதியில் பங்கீட்டைத் தலைகீழாக்குவது பொருத்தம். ‘ஏன்’ தமிழுக்கு வருகிறது. உணவு ஆங்கிலத்துக்குப் போகிறது. காலைச் சீனி பற்றிய பகுதி, மூத்தவர்கள் மருத்துவரிடம் உண்மையில் கேட்கும் கேள்வியோடு தொடங்கலாம்: ‘இரவு ஒன்றும் சாப்பிடவில்லை. காலையில் ஏன் சீனி கூட?’ விடை: ‘நாம் தூங்கும்போது கல்லீரல் தூங்குவதில்லை. சேர்த்து வைத்த சீனியைக் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விடுகிறது. அதை அளவோடு நிறுத்துவது இன்சுலினின் வேலை. இன்சுலின் போதாவிட்டால், அல்லது உடல் அதன் சொல்லைக் கேளாவிட்டால், கல்லீரல் அளவுக்கு மேல் விட்டுவிடும்.’ இதில் தமிழருக்கு விளங்காத கலைச்சொல் எதுவும் இல்லை. வாக்கியங்கள் குறுகியவை. தமிழில் வினை இறுதியில் வருவதால், கல்லீரலிலிருந்து சீனி வெளியேறும் அம்புக்குறி ‘விடுகிறது’ என்ற சொல் ஒலிக்கும்போது புறப்பட வேண்டும். ஆங்கிலப் பிரதிக்கென வரைந்த அசைபடத்தை அப்படியே பொருத்தினால் அம்பு இரண்டு நொடி முந்திவிடும். நீண்ட வாக்கியமாயின் இன்னும் முந்தும். இது சிறு செய்திதான், ஆனால் படம் முந்தினால் காது வாக்கியத்தை விட்டுவிடுகிறது.

ஆங்கில உணவுப் பகுதி, கடைக்குப் போய் வாங்குபவரையும் வாரவிறுதியில் சமைப்பவரையும் நோக்கியது. அங்கே புட்டு, இடியப்பம், குத்தரிசிச் சோறு என்ற பெயர்களைத் தமிழிலேயே விடவேண்டும். இலங்கை ஆங்கிலத்தில் இடியப்பத்துக்குத் தனிப்பெயர் உண்டு. ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைக்கு அப்பெயர் தெரியாது, இடியப்பம் தெரியும். அளவைப் படமாகக் காட்டலாம். மூத்தவர் இப்பகுதியைக் கேட்கும்போது பழகிய உணவுப் பெயர்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழுவதாலும், தட்டு திரையில் தெரிவதாலும், தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பதை உணர்ந்து தொடர்கிறார்.

சீனி தாழ்ந்து போகும் பகுதிக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது. அதனை இரு மொழியிலும் முழுமையாகச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. இன்சுலின் அல்லது சிலவகைக் குளிசைகள் எடுப்பவருக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு வியர்த்து, நடுங்கி, நெஞ்சு படபடத்து வரும்போது வீட்டில் அவர் தனியே இருக்கலாம். பேத்தி அருகில் இருந்து, அம்மம்மா பேச முடியாத நிலையில் இருக்கவும் கூடும். இருவரும் தனித்தனியே செயற்பட வேண்டும். கருவியில் 4.0க்குக் கீழே இருந்தால் விரைவில் உடலிற் சேரும் மாச்சத்து 15 கிராம். அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. பின் 15 நிமிடம் பொறுத்து மறுபடி அளப்பது. இன்னும் தாழ்ந்திருந்தால் மறுபடி அதே அளவு. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 911ஐ அழைப்பது. இங்கே 15 இருமுறை வருகிறது. ஒன்று கிராம், மற்றது நிமிடம். நினைவிற்கொள்ள எளிது என்று வழிகாட்டிகள் இதனை விரும்புகின்றன. ஆனால் எண் மட்டும் மூட்டைக் கடந்து செல்லும் காணொளியில், 15 கரண்டி என்றோ 15 நிமிடம் காத்திருந்து பிறகு சீனி கொடுப்பது என்றோ அது திரிந்துவிடலாம். கிராம் என்ற அலகைப் பேச்சிலிருந்தே எடுத்துவிட்டு ‘மூன்று கரண்டி, பதினைந்து நிமிடம்’ என்று சொன்னால் 15 ஒரே பொருளோடு நிற்கும். கரண்டியின் அளவைப் படம் காட்டும். நீரிழிவு உள்ளவருக்குச் சீனித் தண்ணீரா என்று மூத்தவர் தயங்கும் இடமும் இதுவே. இவ்வளவு காலமும் விலக்கச் சொன்ன பொருளை இப்போது குடிக்கச் சொல்கிறார்கள். ‘தாழ்ந்து போனால் மட்டும் சீனியே மருந்து’ என்ற வாக்கியம் தமிழில் இல்லாவிட்டால் கட்டளை செயலாகாது.

மேற்சொன்ன திருத்தங்கள் போதுமா என்பதை அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தமிழ்ப் பகுதிகளை மட்டும் தனித்தாளில் எழுதி, ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டலாம். ஆங்கிலப் பகுதிகளை அவ்வாறே தமிழ் தெரியாத ஒருவரிடம். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ‘எந்த எண், யாருடையது, இனி என்ன செய்வது’ என்று கேட்டால், அறுந்த சுட்டுகள் அப்போதே அகப்படும். ஓடும் காணொளியைக் காட்டிச் சோதித்தால் படமும் சூழலும் பிழையை மூடிவிடும். ‘விளங்கியதா’ என்று கேட்பதால் ஒரு பயனும் இல்லை. மூத்தவர்கள் மரியாதைக்காக ‘ஓம்’ என்பார்கள்.

மறுமொழியில் துணையெழுத்து இட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இத்துறையில் வலுவாக இருக்கிறது. அதற்கு வரம்பு உண்டு. தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் பேரப்பிள்ளைகளுள் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ்ப் பகுதியின்கீழ் ஆங்கிலத் துணையெழுத்து உதவும். கண்புரை கண்ட மூத்தவருக்கு ஆங்கிலப் பகுதியின்கீழ் ஓடும் தமிழ் எழுத்து உதவுவது ஐயமே. தமிழ்ச் சொற்கள் ஒட்டுகளோடு நீள்வதால் அதே கருத்து கூடுதல் இடம் பிடிக்கும். வரிகள் விரைந்து மறையும். பேத்தியே விளக்குவாள் என்று விட்டுவிடும் பிரதிகளும் உள்ளன. மருத்துவ உரையாடலில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவதை மருத்துவமனைகள் தவிர்க்க முயல்கின்றன. அதே சுமையைக் காணொளி வரவேற்பறையில் வைத்து அவள்மேல் ஏற்றக்கூடாது. பேத்தி விளக்குவது நேரட்டும், ஆனால் விளக்காவிட்டாலும் அம்மம்மாவின் கையில் 4.0, 7.0 என்ற இரண்டு எண்களும், மூன்று கரண்டிச் சீனியும், அவற்றின் காரணமும் தமிழிலேயே இருக்கும்படி பிரதி அமைய வேண்டும்.

இவ்வமைப்பு எட்டாத பார்வையாளரும் உண்டு. ஆங்கிலம் அறவே அறியாத ஒருவர் தனியே பார்த்தால், திருத்திய பிரதியிலும் உணவுப் பகுதி அவருக்குப் படமாகவும் பெயர்ப்பட்டியலாகவும் மட்டுமே எஞ்சும். அவருக்குத் தனித்தமிழ்க் காணொளியே வேண்டும். பகுதிவாரிப் பிரதி கேட்டால் விளங்கும், பேச வராது என்ற நிலையில் உள்ளவர்களுக்கும், அவர்களோடு ஒரே இருக்கையில் அமர்ந்து பார்ப்பவர்களுக்கும் உரியது. மாதிரியின் ஐந்தாம் பகுதியிலிருந்த ‘குடும்பத்தோடு மகிழ்ந்திருங்கள்’ திருத்திய பிரதியில் இல்லை. அந்தப் பத்து நொடியில் கருவியின் திரை 7.0 என்ற எண்ணோடும், அருகில் ஊரில் பழகிய 126 என்ற எண்ணோடும், ஒலியின்றி நிற்கிறது.